பி.ஜி. நோட்டீஸ்: பூட்டா, பதிவேடா, சாவியா?

"இரவு 10 மணிக்கு மேல் அனுமதி இல்லை. விருந்தினருக்கு அனுமதி இல்லை. சமையலறையில் சமைக்கக் கூடாது." சென்னையில் பாதி பி.ஜி. சுவர்களில் இந்த மூன்று வரிகள்தான் ஒட்டியிருக்கும். பக்கத்துத் தெரு பி.ஜி.யில் இருப்பதைப் படம் பிடித்து வந்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தவை. ஒட்டிய வாரத்திலேயே மூன்றும் மீறப்படும். அப்புறம் வார்டனுக்கு இரண்டே வழி: கண்டுகொள்ளாமல் இருப்பது அல்லது தினமும் சண்டை போடுவது.

நோட்டீஸ் எழுத உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு கறாராக இருக்கலாம்?" என்பதாக இருக்கிறது. வெளியே போய் வரும் நேரம், வருகிறவர்கள், பொதுச் சமையலறை ஆகிய மூன்றுக்கும் ஒரே அளவு கறார் பொருந்தாது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் சாரம். எதில் இறுக்குவது, எதில் தளர்த்துவது என்பதைத் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெருங்குடியில் தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட பெண்கள் பி.ஜி. எட்டு அறை, அறைக்கு மூன்று கட்டில், மொத்தம் 24 பேர். அவர்களில் 7 பேருக்கு ஷிஃப்ட் வேலை. கம்பெனி கேப் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இறக்கிவிடும். வார்டன் அக்கா தரைத்தளத்தில் தங்கியிருக்கிறார். இரவுக்கு ஒரு வாட்ச்மேன். காலையும் இரவும் மெஸ் சாப்பாடு உண்டு, மதியத்துக்குக் கிடையாது.

நம் முன்னால் இருப்பவை மூன்று முறைகள். பூட்டு: நேரம் முடிந்தால் கதவு மூடும், இல்லை என்றால் இல்லை. பதிவேடு: செய்யலாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லி, எழுதிவிட்டுச் செய்ய வேண்டும். சாவி: அவரவர் பொறுப்பு, யாரும் கேட்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த, 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். பலகையில் பி.ஜி. என்று எழுதினாலும் ஹாஸ்டல் என்று எழுதினாலும் இது மாறாது. காவலாளி, கேமரா, பதிவேடு பற்றி உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறதோ, நோட்டீஸ் அதற்குக் கீழே இறங்க முடியாது. அதற்கு மேல்தான் நம் தேர்வு தொடங்குகிறது.

அந்தத் தேர்வுக்கு நான்கு கேள்விகள் போதும்.

மீறல் நடக்கும் நேரத்தில் விழித்திருப்பவர் யார்? இரவு 11:40க்கு நடைமுறைப்படுத்த ஆள் இல்லாத விதி, நோட்டீஸில் இருக்கக் கூடாத விதி.

மீறினால் அடி யார்மேல் விழும்? தாமதமாக வருகிறவருக்கு அவருடைய தூக்கம் போகும். அறைக்குள் ஆளைக் கூட்டி வந்தால் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சங்கடம். அடுப்பை அணைக்காமல் போனால் 24 பேருக்கும் ஆபத்து.

தடுத்தால் அந்தச் செயல் நிற்குமா, மறைவாக இன்னோர் இடத்துக்கு நகருமா? இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை.

கணக்கில் வராத செலவு எது? வாட்ச்மேனின் விடுமுறை, பேட்டரி, கரண்ட் பில், காலியாகக் கிடக்கும் கட்டில் எல்லாம் இதில் சேரும்.

## உள்ளே வரும் நேரம்

பூட்டு. பத்து மணிக்குக் கேட்டை மூடுவது எளிது. 10:20க்கு ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் சிக்கல். திறந்தால் விதி பொய்யாகிவிட்டது. மறுநாள் இன்னும் மூன்று பேர் 10:20க்கு வருவார்கள். திறக்காவிட்டால் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தியிருக்கிறோம். பாதுகாப்புக்காக என்று எழுதிய விதியே அவரைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் நிறுத்திவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். இரவில் பெண் ஊழியரை இறக்கிவிடும் கேப், அவர் உள்ளே போகும்வரை நிற்பதுதான் நடைமுறை. கேட் திறக்கக் கால் மணி நேரம் ஆனால் அடுத்த ஆளை இறக்கத் தாமதமாகும். டிரைவர் புகார் செய்வார், அந்தப் பெண்ணும் வேறு பி.ஜி. தேட ஆரம்பிப்பார்.

இன்னொரு விளைவும் உண்டு. வர முடியாது என்று தெரிந்தவர், "ஊருக்குப் போறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டில் தங்குவார். அன்றிரவு அவருக்கு ஏதாவது ஆனாலும் வார்டனின் கணக்கில் அவர் ஊரில் இருக்கிறார். பூட்டு முறையில் முதலில் கெட்டுப்போவது, யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல்தான்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் தங்கும் விடுதிக்கும், பெற்றோரும் கல்லூரியும் சேர்ந்து நேரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்ட முதலாண்டு மாணவியர் விடுதிக்கும் பூட்டு பொருந்தும். வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

பதிவேடு. இங்கே 10:30 என்பது கதவு மூடும் நேரம் அல்ல; அதற்குப் பிறகு வருகிறவர் கையெழுத்திட வேண்டிய நேரம். ஷிஃப்ட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அந்த வார ரோஸ்டரை வார்டனிடம் கொடுப்பார்கள். அந்தப் பட்டியல் வாட்ச்மேன் மேசையில் இருக்கும். மற்றவர்கள் தாமதமாவதாக இருந்தால் 10 மணிக்குள் வார்டனின் எண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். குரூப்பில் போடச் சொல்லக் கூடாது. இன்று யார் அறையில் இல்லை, எத்தனை மணிக்குத் தனியாக வருவார் என்பது 24 பேருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வாட்ச்மேன் கதவைத் திறப்பார், பெயரும் நேரமும் எழுதச் சொல்வார். "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று கேட்பது அவர் வேலை அல்ல என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பதிவேடு பல வீடுகளில் தோற்றுப்போக இந்தக் கேள்விதான் காரணம். கேள்வியைத் தவிர்க்க ஆட்கள் பொய் நேரம் எழுதத் தொடங்குவார்கள்.

11:30க்கு வார்டன் பட்டியலைப் பார்க்கிறார். ரோஸ்டரிலும் இல்லாமல், மெசேஜும் போடாமல் வராதவருக்கு ஒரு போன். எடுக்காவிட்டால் அரை மணி கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால், சேரும்போது அவரே எழுதிக்கொடுத்த அவசரத் தொடர்பு எண்ணுக்கு அழைக்கலாம். அது அப்பாவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாமதத்தைப் பெற்றோரிடம் புகாராகச் சொல்வதும், ஆளைக் காணோம் என்று தேடுவதும் வேறு வேறு. முதலாவதைச் செய்யும் வார்டனுக்கு இரண்டாவதற்குத் தேவையான உண்மைத் தகவல் கிடைக்காது.

செலவு வாட்ச்மேன்தான். சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்தால் 24 கட்டிலுக்குத் தலா 750. ஆனால் ஒருவரே முப்பது இரவும் விழித்திருக்க முடியாது. மாதத்துக்கு நான்கு இரவு மாற்று ஆள் போட்டு, இரவுக்கு 700 கொடுத்தால் தலா 870 ரூபாய் அளவுக்குப் போகும். இந்த 120 ரூபாயை மிச்சப்படுத்தும் வீடுகளில்தான் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஆள் நிற்பார்.

சாவி. எல்லோருக்கும் ஒரு சாவியோ கார்டோ, அல்லது கைரேகைப் பூட்டோ. வாட்ச்மேன் செலவு குறையும். எட்டுப் பேர் இருக்கும் சிறிய வீடு, உரிமையாளர் அதே கட்டடத்தில் இன்னொரு தளத்தில் குடியிருக்கிறார், எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இதுதான் நல்ல தேர்வு. ஆண்கள் பி.ஜி.க்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது.

24 பேருக்கு இதை வைக்கும்போது சில்லறைத் தொல்லைகள் வரும். மருதாணி வைத்த விரலையும், பாத்திரம் கழுவிச் சுருங்கிய விரலையும் கைரேகைக் கருவி சில நேரம் அடையாளம் காணாது. அதனால் கார்டும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும். காலி செய்து போனவரின் ரேகையை நீக்க மறந்துவிடுவார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே, பணம் கொடுப்பதற்கு முன்பு நீக்குவது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது. காந்தப் பூட்டுக்குத் தொடர்ந்து கரண்ட் வேண்டும். பேட்டரி புதிதாக இருக்கும்போது ஒரு இரவு தாங்கும், பழசானால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. கரண்ட் போனால் அந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். வேறு வகைப் பூட்டுகள் சில அப்படியே பூட்டிக்கொள்ளும். உங்கள் பூட்டு எந்த வகை என்பதை ஒரு பகல் நேரத்தில் மெயினை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றில் எதை எடுத்தாலும் மாறாத ஒன்று: உள்ளே இருப்பவர் யாரையும் எழுப்பாமல், சாவி தேடாமல் வெளியே போக முடிய வேண்டும். கிரில் கதவில் உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எந்த முறையிலும் ஏற்கத்தக்கதல்ல. தாழ்ப்பாள் போதும்.

எடுத்துக்கொண்ட வீட்டுக்குப் பதிவேடுதான். ஏழு பேர் ஷிஃப்டில் இருக்கும்போது பூட்டு முதல் நாளே உடையும். சாவிமுறையில் யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

## வருகிறவர்கள்

"விருந்தினர்" என்று எழுதும்போது எல்லோர் மனத்திலும் இருப்பது ஆண் நண்பர்தான். ஆனால் ஒரு நாளில் கேட்டுக்கு வருகிறவர்களை எண்ணிப் பார்த்தால், சாப்பாடும் பார்சலும் கொண்டு வரும் டெலிவரிக்காரர்கள்தான் அதிகம். அதற்கடுத்து ஏ.சி. மெக்கானிக், பிளம்பர், தண்ணீர் கேன் போடுகிறவர். அப்புறம் ஊரிலிருந்து வரும் அம்மா. இவர்கள் எல்லோருக்கும் ஒரே வரியில் "அனுமதி இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பொருந்தாது.

பூட்டு, அதாவது எல்லோரும் கேட்டோடு சரி என்பது டெலிவரிக்கு நல்ல விதி. கேட்டுக்குள் ஒரு அலமாரி வைத்து, பார்சலில் பெயர் எழுதி வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது. அம்மாவுக்கு இது கெட்ட விதி. தெற்கிலிருந்து வரும் இரவுப் பஸ் விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து வந்து சேர்ந்தவர் ஆறு மணிக்குப் பையோடு தெருவில் நிற்பார். இந்த விதி எப்போதும் உடைக்கப்படும், உடைக்கப்படவும் வேண்டும்.

பதிவேடு என்றால், தரைத்தள ஹாலில் நான்கு நாற்காலி. காலை 9 முதல் இரவு 8 வரை யார் வேண்டுமானாலும், ஆண் பெண் பேதமின்றி, எழுதிவிட்டு ஹாலில் உட்காரலாம். மாடிக்குப் போகக் கூடாது. பெண் உறவினர் மட்டும் அறையில் தங்கலாம். அதற்கும் முந்தின நாள் சொல்ல வேண்டும், அறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அனுமதி தர வேண்டியவர் வார்டன் அல்ல, பக்கத்துக் கட்டில்காரர். அவர் நேரில் மறுக்கத் தயங்குவார் என்பதால், வேண்டாம் என்றால் வார்டனிடம் தனியாகச் சொல்லலாம் என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுவது நல்லது. மாதத்துக்கு இரண்டு இரவு என்று எல்லை வைத்தால் "அக்கா மகள் பரீட்சைக்கு வந்திருக்கா" என்பது ஒரு மாதமாக நீளாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் ஓரிரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். இலங்கையிலிருந்து வரும் உறவினருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இந்த முறையில் ஒளிந்திருக்கும் ஆபத்து பதிவேட்டு நோட்டிலேயே இருக்கிறது. மேசையில் திறந்து கிடக்கும் நோட்டில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தார், அறை எண் எல்லாம் வரிசையாக இருக்கும். அடுத்து வருகிறவர் தன் பெயரை எழுதும் சாக்கில் மேலே இருக்கும் பத்து வரியையும் படிக்கலாம், படம் பிடிக்கலாம். யாராவது ஒருவர் ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்கிறார் என்றால் அவருக்கு வேண்டிய விவரம் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவரை எழுதவிடாமல் வாட்ச்மேனே கேட்டு எழுத வேண்டும், அறை எண் எழுதவே கூடாது. அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். ஆதார் நகல் வாங்கிக் கோப்பில் வைப்பது, காக்க முடியாத பொருளைச் சேர்ப்பது போலத்தான். தேவையென்றால் கடைசி நான்கு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

சாவி, அதாவது அறை வரை யாரும் வரலாம் என்பது தனியறை மட்டுமே உள்ள வீட்டுக்குச் சரி. மூன்று கட்டில் போட்ட அறையில், ஒருவரின் விருந்தாளி இன்னும் இரண்டு பேரின் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்.

மெக்கானிக்குக்குத் தனி வரி வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தளம் என்று முந்தின மாலையே அறிவிப்பு, மாடியில் அவர் இருக்கும்வரை வார்டன் கூட இருப்பார். நோட்டீஸ்களில் இல்லாமல் போகிற வரி இதுதான். குடியிருப்பவர்களுக்கு விதி போடுகிறவர்கள், தங்களுக்கான விதியை எழுத மறந்துவிடுகிறார்கள்.

## பொதுச் சமையலறை

மற்ற இரண்டையும்விட இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். தப்பானால் வீடே பற்றிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

பூட்டு. "மெஸ் இருக்கிறது, சமைக்கக் கூடாது" என்பது பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் மெஸ்ஸில் மதியம் கிடையாது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வேண்டும். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடித்து வந்தவருக்குப் பசிக்கும். அப்போது கெட்டிலும் சின்ன இண்டக்ஷன் அடுப்பும் துணிப்பைக்குள் ஒளிந்து மாடி அறைக்கு வரும்.

அறையில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக். 1,500 வாட் கெட்டில் ஒன்றே 6.5 ஆம்பியர் இழுக்கும். அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதே பாக்ஸில் மூன்று போன் சார்ஜரும் இருக்கும். பிளக் சூடாவது, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறுவது, மீன் வாடை போல ஒரு நாற்றம் வருவது எல்லாம் உருகத் தொடங்கியதற்கு அடையாளம். ஒளித்து வைத்திருப்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். சமையலறையைப் பூட்டினால் சமையல் நிற்பதில்லை. மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆக, சமையலறையே இல்லாத வீட்டில்கூட ஒவ்வொரு தளத்திலும் ஒரு கெட்டிலும் மைக்ரோவேவும் 16 ஆம்பியர் பிளக்கில் வைத்துக் கொடுப்பது செலவு அல்ல. மூன்று வேளையும் சாப்பாடும், இரவில் எடுத்து வைத்த சாப்பாடும் உண்மையிலேயே கிடைக்கும் வீட்டில் மட்டும்தான் பூட்டு செல்லும்.

சாவி. எப்போதும் திறந்த சமையலறை ஆறேழு பேருக்கு நன்றாக ஓடும். யார் பாத்திரம் ஊறிக் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருபதைத் தாண்டினால் தொட்டியில் கிடப்பது யாருடையதும் அல்ல. கேஸ் அடுப்பு இருந்தால் இந்த முறையே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் பால் பொங்கித் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால், அடுத்து லைட் சுவிட்சைப் போடுகிறவருக்குத்தான் ஆபத்து.

பதிவேடு. நேரம் பிரித்துக் கொடுப்பது. இதற்கு முன்னால் கேஸா, இண்டக்ஷனா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பி.ஜி.யில் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர் வைக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான். ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன்மேலேயே அச்சாகியிருக்கும். மெஸ் சமையல் மாஸ்டர் கையில் கேஸ் இருக்கட்டும்; குடியிருப்பவர்களுக்கு இண்டக்ஷன் கொடுப்பதே நம் பரிந்துரை. அணைக்க மறந்தாலும் பாத்திரத்தை எடுத்ததும் நின்றுவிடும்.

இண்டக்ஷனுக்கு மாறும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. 2,000 வாட் அடுப்பு ஒன்று 8.7 ஆம்பியர். இரண்டு அடுப்பு என்றால் 17.4. இரண்டையும், அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றில் மாட்டினால் உடனே டிரிப் ஆகாது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவதாக ஒருவர் கெட்டில் போட்டால் 24 ஆம்பியர் ஆகும். அப்போதும் அந்த நொடியே விழாது, சூடேறிச் சிறிது நேரம் கழித்து விழும். கெட்டில் போட்டவர் காபியோடு மாடிக்குப் போயிருப்பார். குழம்பு கொதிக்க வைத்தவர்தான் திட்டு வாங்குவார். இப்படி நாலு தடவை ஆனதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடச் சொல்வார்கள். அதுதான் உண்மையான ஆபத்து: டிரிப் ஆவது நின்றுவிடும், சுவருக்குள் அதே பழைய வயர் சூடாகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அடுப்புக்கும் தனி வயர், தனி எம்.சி.பி.; கெட்டிலும் மைக்ரோவேவும் மூன்றாவது லைனில்; ஃப்ரிட்ஜுக்கு இன்னொன்று. இதை முடித்துவிட்டுத்தான் நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.

நேரக் கணக்கு இப்படி. காலை 6 முதல் 8:30 வரை இரண்டு அடுப்பு என்றால் மொத்தம் 300 நிமிடம். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் காகிதத்தில் 15 பேர் சமைக்கலாம். உண்மையில் துடைப்பது, பாத்திரம் எடுப்பது, "ஒரு நிமிஷம்" என்பதெல்லாம் சேர்ந்து ஆளுக்கு அரை மணி ஆகிவிடும்; பத்துப் பேர்தான். காலையில் 24 பேரும் டிபன் பாக்ஸ் கட்ட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மதியத்துக்குச் சமைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் காலை நேரத்தை அவர்களுக்கு 30 நிமிடமாகப் பிரிக்கலாம். அதற்கு மேல் என்றால் மூன்றாவது அடுப்போ, முந்தின இரவு 7 முதல் 10 வரை சமைத்து வைக்கும் ஏற்பாடோ வேண்டும். முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதை வாடகையில் சேர்த்துவிடுவது, தனியாக வசூலிக்கும் தலைவலியைவிட மேல்.

ஃப்ரிட்ஜ் சண்டைக்கு மருந்து, அறைக்கு ஒரு தட்டோ ஒரு கூடையோ ஒதுக்குவது. டப்பாவில் பெயரும் தேதியும். தேதி இல்லாததும் மூன்று நாளைத் தாண்டியதும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் குப்பைக்கு. முட்டை, மீன், கறிக்கு ஒரு கீழ்த் தட்டும் ஒரு தனி வாணலியும் வைத்தால் சைவக்காரர்களின் முக்கால்வாசிப் புகார் அடங்கும். ஃப்ரிட்ஜை மாடிப்படிக்கோ வாசலுக்கோ பக்கத்தில் வைக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து பரவிய தீயில் உயிர்கள் போயின. பற்றக்கூடிய எந்தப் பொருளும் வெளியேறும் வழியில் நிற்கக் கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பூட்டு | பதிவேடு | சாவி |
|---|---|---|---|
| உள்ளே வரும் நேரம் | 18 வயதுக்கு உட்பட்டோர், முதலாண்டு மாணவியர் | ஷிஃப்ட் ஆட்கள் கலந்த பெரிய வீடு | எட்டுப் பேர் வரை, உரிமையாளர் அங்கேயே இருந்தால் |
| வருகிறவர் | டெலிவரிக்கு மட்டும் | ஹால் இருக்கும் எந்த வீட்டுக்கும் | தனியறைகளுக்கு |
| சமையலறை | மூன்று வேளையும் இரவுச் சாப்பாடும் தரும் இடம் | பத்துப் பேருக்கு மேல், இண்டக்ஷனோடு | ஆறேழு பேர், கேஸ் இல்லாமல் |
| மறைந்த செலவு | பொய்த் தகவல், அறைக்குள் சமையல், காலிக் கட்டில் | மாற்று வாட்ச்மேன், தனி வயரிங் | பேட்டரி, நீக்காத ரேகை, கழுவாத பாத்திரம் |

அபராதத்தைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. தாமதத்துக்கு நூறு ரூபாய் என்று எழுதினால் அது தண்டனையாக இருக்காது, கட்டணமாகிவிடும்; கொடுத்துவிட்டு நிம்மதியாக வருவார்கள். அட்வான்ஸில் பிடிப்பது கடைசி நாள் சண்டையில்தான் முடியும். சமையலறையில் மீறினால் ஒரு வாரம் அடுப்பு நேரம் கிடையாது என்பது, செய்ததற்கும் இழப்பதற்கும் தொடர்புள்ள தண்டனை. அது வேலை செய்யும்.

## நோட்டீஸ்

நம் பெருங்குடி வீட்டுக்கு எழுதினால் இப்படி வரும்:

> குடியிருப்போர் கவனத்திற்கு
>
> வரும் நேரம்: கேட் எந்த நேரமும் உங்களுக்குத் திறக்கப்படும். இரவு 10:30க்குப் பிறகு வருபவர்கள் பெயரும் நேரமும் எழுதவும். ஷிஃப்டில் இருப்போர் ஞாயிறு மாலை 6 மணிக்குள் ரோஸ்டர் தரவும். மற்றவர்கள் தாமதமானால் 10 மணிக்குள் வார்டன் எண்ணுக்கு மட்டும் தகவல் அனுப்பவும். தகவல் இல்லாமல் 11:30 வரை வராதவருக்கு இரண்டு முறை அழைப்போம். பதில் இல்லையெனில் நீங்கள் கொடுத்த அவசர எண்ணுக்கு அழைப்போம்.
>
> வருகிறவர்கள்: காலை 9 முதல் இரவு 8 வரை ஹாலில் சந்திக்கலாம். இரவுப் பஸ்ஸில் வரும் பெற்றோர் எந்த நேரமும் ஹாலில் காத்திருக்கலாம். பெண் உறவினர் மாதம் இரண்டு இரவு அறையில் தங்கலாம். முந்தின நாள் சொல்லி, அறையில் உள்ள இருவரின் கையெழுத்தும் பெறவும். சம்மதம் இல்லாதவர் வார்டனிடம் தனியாகச் சொல்லலாம். பெயர் வெளியே போகாது. பார்சல்கள் கேட் அலமாரியில்.
>
> பழுது பார்ப்போர்: எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு என்பதை முந்தின மாலை அறிவிப்போம். வார்டன் உடன் இருப்பார்.
>
> சமையலறை: காலை 6–8:30, இரவு 7–10. பலகையில் பெயர் எழுதி 30 நிமிடம். கெட்டிலும் மைக்ரோவேவும் 24 மணி நேரமும் பயன்படுத்தலாம். கேஸ் அடுப்பு மெஸ்ஸுக்கு மட்டும். இரவு 10:30க்கு ரெகுலேட்டரை மூடுவது மாஸ்டர் பொறுப்பு. அறைக்குள் எந்த அடுப்பும் கெட்டிலும் கூடாது. வைத்திருப்பவர்கள் இந்த வாரம் வார்டனிடம் கொடுக்கவும். எந்தக் கேள்வியும் இல்லை.
>
> கேஸ் வாடை வந்தால்: சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போய் 1906க்கு அழைக்கவும்.

"எந்தக் கேள்வியும் இல்லை" என்ற சொற்களை எடுத்துவிட்டால் ஒரு கெட்டில்கூட வராது. தமிழ் தெரியாதவர்கள் இருப்பார்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் நகல் வேண்டும். மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும்: கேட், ஹால், சமையலறை. சமையலறையில் ஒட்டுவதில் முழு நோட்டீஸும் வேண்டாம், சமையலறை வரிகளும் கேஸ் வரியும் போதும். அடுப்புக்கு நேர் மேலே ஒட்டினால் எண்ணெய் படிந்து ஒரு மாதத்தில் படிக்க முடியாமல் போகும் என்பதால் ஃப்ரிட்ஜ் பக்கச் சுவரில், கண் உயரத்தில்.